அரை இஞ்ச் குழாய் எத்தனை சேர்ந்தால் ஒரு இஞ்ச்?

ஒரு இஞ்ச் குழாய் கொண்டுவரும் தண்ணீரை அரை இஞ்ச் குழாய்களைக் கொண்டு கொண்டுவர வேண்டும் என்றால் எத்தனை குழாய் போடுவது? சட்டென்று வரும் பதில் இரண்டு. பள்ளிக்கணக்கை மறக்காதவர்கள் குழாய் வாயின் பரப்பைக் கணக்கிட்டு நான்கு என்பார்கள். இரண்டுமே தப்பு. நீளமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் ஏறக்குறைய 5.66 குழாய் வேண்டும். கால்வாசிக் குழாயை யாரும் விற்கமாட்டார்கள் என்பதால் ஆறு.

பரப்புக் கணக்கு ஏன் பொய்க்கிறது? குழாயில் ஓடும் தண்ணீர் சுவரோடு உராய்ந்து உராய்ந்து தன் அழுத்தத்தை இழக்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதை வாயின் அளவைவிட இந்த இழப்புதான் தீர்மானிக்கிறது. குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கி, அதே அளவு தண்ணீரை அனுப்பிப் பார்ப்போம். பரப்பு நான்கு மடங்காகிறது; ஆகவே வேகம் கால்பங்காகக் குறைகிறது. உராய்வு இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப நடப்பதால் அது பதினாறில் ஒரு பங்காகிறது. அதோடு, பெரிய குழாயில் தண்ணீரின் பெரும்பகுதி சுவரைத் தொடாமல் நடுவிலேயே போய்விடுகிறது. இதனால் இழப்பு இன்னும் பாதியாகிறது. பதினாறில் ஒன்றில் பாதி, முப்பத்திரண்டில் ஒன்று. இரண்டின் ஐந்தாம் மடி 32. குழாய்க் கணக்கில் விட்டத்தின் ஐந்தாம் மடி வந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான்.

இந்த ஐந்தாம் மடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யலாம். மூன்று நான்கு அளவுகளில் ஒட்டுப்போட்டு ஓடும் ஒரு குழாய்ப் பாதையை, அதே அழுத்தத்தில் அதே அளவு தண்ணீர் தரக்கூடிய ஒரே குழாயாகக் காகிதத்தில் மாற்றிவிடலாம். அதற்குச் சமானக் குழாய் என்று பெயர். நம் ஊர்க் குடிநீர்ப் பாதைகளுக்கு இது ரொம்பவும் பொருந்தும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை, அந்தந்த வருஷத்து நிதிக்கும் அன்றைக்குக் கிடைத்த குழாய்க்கும் ஏற்ப நீட்டப்பட்டவை அவை. முழுக்க ஒரே அளவில் ஓடும் பழைய பாதையைப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து புறப்பட்டு, ஒரு குடியிருப்பின் கடைசியில் உள்ள ஒரு லட்சம் லிட்டர் தரைத்தொட்டியில் போய்ச் சேர்கிறது. முதல் 500 மீட்டர் 150 மில்லிமீட்டர் குழாய். அடுத்த 300 மீட்டர் 100 மில்லிமீட்டர். கடைசி 100 மீட்டர் மட்டும் 75. நடுவில் யாருக்கும் இணைப்பு கிடையாது. தரை சமமாக இருக்கிறது. டேங்கின் நீர்மட்டம் தரைத்தொட்டியின் குழாய் வாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தைத்தான் பொறியாளர்கள் ‘ஹெட்’ என்பார்கள். பிளம்பர் பேச்சில் ஒரு கிலோ பிரஷர்.

ஒன்றன்பின் ஒன்றாக வரும் குழாய்களில், அதாவது தொடரிணைப்பில், மூன்றிலும் ஓடுவது அதே தண்ணீர். இழப்புகள்தான் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே விதி எளிது:

Lₑ/Dₑ⁵ = L₁/D₁⁵ + L₂/D₂⁵ + L₃/D₃⁵

L என்பது நீளம், D என்பது உள்விட்டம். இடது பக்கம் இருப்பது நாம் தேடும் சமானக் குழாய். இதைத் தூப்வி சமன்பாடு என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் தூப்வி (1804–1866) பாரிஸ் நகரின் குடிநீர்ப் பணியைப் பார்த்தவர். பாலத்துக்கு எவ்வளவு சுங்கம் வாங்கலாம், அந்தப் பாலத்தால் மக்களுக்கு உண்மையில் எவ்வளவு லாபம் என்று 1844-ல் அவர் எழுதிய கட்டுரைக்காகப் பொருளாதாரக்காரர்களும் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

சமன்பாட்டை அப்படியே போட்டுப் பெருக்கினால் பூஜ்யங்களில் தொலைந்துபோவோம். கையால் கணக்குப் போடுபவர்கள் ஒரு அளவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் நீளமாக மாற்றிவிடுவார்கள். நாம் 100 மில்லிமீட்டரை வைத்துக்கொள்வோம். 150 குழாயின் ஒரு மீட்டர், 100 குழாயின் எத்தனை மீட்டருக்குச் சமம்? 100-ஐ 150-ஆல் வகுத்து ஐந்தாம் மடிக்கு உயர்த்தினால் 0.132. ஆக, 500 மீட்டர் நீளமுள்ள அந்தப் பெரிய குழாய் வெறும் 66 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நடுவில் உள்ள 300 மீட்டர் 300-ஆகவே நிற்கிறது. 75 குழாய்க்கு இதே கணக்கைப் போட்டால் 4.21, அதன் 100 மீட்டர் 421 மீட்டராக வீங்குகிறது. மூன்றையும் கூட்டினால் 787. இந்தப் பாதை முழுவதும், 787 மீட்டர் நீளமுள்ள ஒரே 100 மில்லிமீட்டர் குழாய்க்குச் சமம்.

பாதையின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் அந்தக் கடைசித் துண்டு. இழப்பில் பாதிக்கு மேல் அதனுடையது. டேங்க் கொடுக்கும் 10 மீட்டர் ஹெட்டில், 150 குழாய் 0.84 மீட்டரைத் தின்கிறது. 100 குழாய் 3.81 மீட்டர், மீதி 5.35 மீட்டரும் கடைசி நூறு மீட்டரில் போகிறது.

விட்டங்களுக்குச் சராசரி எடுத்து வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும். நீளத்துக்கு ஏற்பச் சராசரி எடுத்தால் 125 மில்லிமீட்டர் வருகிறது. உண்மையில் 900 மீட்டர் நீளத்துக்குச் சமானமான விட்டம் 103-க்கும் குறைவு. 125 என்று நம்பித் திட்டம் போட்டவர், வரப்போகும் தண்ணீரை ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கற்பனை செய்துகொள்வார். தொட்டி நிரம்பாதபோது மோட்டாரையும் டேங்க் ஆபரேட்டரையும் திட்டுவார்கள்.

இனி நேரக் கணக்கு. உராய்வுக் கெழுவை 0.02 என்று வைத்துக்கொண்டால் (ஓரளவு நல்ல நிலையில் உள்ள குழாய்க்கு நியாயமான எண்தான்), இந்தப் பாதையில் வினாடிக்கு 8.8 லிட்டர் ஓடும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி நிரம்ப 3 மணி 10 நிமிடம் ஆகும். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புகார் எழுகிறது. ‘மெயின் லைன்’தானே முக்கியம் என்று, முதல் 500 மீட்டரைத் தோண்டி 200 மில்லிமீட்டர் குழாய் பதிக்கிறார்கள் என்று வைப்போம். அந்த 66 மீட்டர் 16 மீட்டராகக் குறையும். மொத்தம் 787-லிருந்து 737. தொட்டி 3 மணி 4 நிமிடத்தில் நிரம்பும். அரை கிலோமீட்டர் தெருவைப் பிளந்து ஆறு நிமிடம் மிச்சம். அதற்குப் பதிலாகக் கடைசி 100 மீட்டரில் 75-ஐ எடுத்துவிட்டு 100 போட்டிருந்தால்? 421 வெறும் 100 ஆகிவிடும், மொத்தம் 466. தொட்டி 2 மணி 26 நிமிடத்தில் நிரம்பும். மிச்சம் முக்கால் மணி நேரம்.

காகிதத்தில் போட்ட கணக்கைத் தெருவில் சரிபார்க்கவும் முடியும். அளவு மாறும் இரண்டு இடங்களிலும் பிரஷர் கேஜ் பொருத்தி, தண்ணீர் முழு வேகத்தில் ஓடும்போது படிக்க வேண்டும். ஓடும்போது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி வால்வை மூடிவிட்டுப் படித்தால் உராய்வே இல்லை. எல்லாக் கேஜும் ஒரு கிலோவைக் காட்டி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். ஓட்டத்தில் படித்தால் 150 முடியும் இடத்தில் சுமார் 0.92 கிலோவும், 100 முடியும் இடத்தில் 0.54 கிலோவும் இருக்க வேண்டும். முதல் கேஜ் 0.92-க்குப் பதில் 0.6 காட்டுகிறது என்றால், பெரிய குழாயில் வராத இழப்பு எங்கிருந்தோ வருகிறது. பாதி மூடிய கேட் வால்வு, வால்வுத் தட்டு தண்டிலிருந்து கழன்று உள்ளேயே தொங்குவது, சாலைப் பணியில் நசுங்கிய துண்டு என்று தேடத் தொடங்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட அடைப்பையும் இத்தனை மீட்டர் குழாய்க்குச் சமம் என்று இதே நீளக்கணக்கில் எழுதிவிடலாம்.

75 மில்லிமீட்டர் குழாயை எடுக்க மனமில்லை, பக்கத்திலேயே இன்னொன்று போடலாம் என்றால் அது வேறு வகை இணைப்பு. இரண்டு குழாய்களும் ஒரே இடத்தில் பிரிந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. தண்ணீர் பங்கிட்டுக்கொண்டு போகிறது. ஆனால் பிரியும் இடத்திலும் சேரும் இடத்திலும் அழுத்தம் ஒன்றே என்பதால், இரண்டு வழியிலும் இழப்பு ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு வழியில் இழப்பு அதிகமானால் தண்ணீர் தானாகவே அடுத்த வழிக்கு நகர்ந்து சமன் செய்துகொள்ளும். தொடரிணைப்பில் ஓட்டம் பொது, இழப்பு கூடியது. இந்தப் பக்க இணைப்பில் இழப்பு பொது, ஓட்டம் கூடுகிறது:

√(Dₑ⁵/Lₑ) = √(D₁⁵/L₁) + √(D₂⁵/L₂)

வர்க்கமூலம் வந்ததற்குக் காரணம், இழப்பு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப நடப்பது. ஒரே மாதிரி இரண்டு 75 குழாய்கள் அருகருகே கிடந்தால் ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர். பாதியின் இருமடி கால். ஆக, 421 மீட்டர் 105-ஆகக் குறைகிறது. தொட்டி 2 மணி 27 நிமிடத்தில் நிரம்பும். 100 குழாயாக மாற்றியதற்கும் இதற்கும் ஒரே ஒரு நிமிட வித்தியாசம். இரண்டு 75 சேர்ந்தால் 99 மில்லிமீட்டர் குழாய்க்குச் சமம் என்பதால்தான் இது. பரப்பை மட்டும் பார்த்திருந்தால் 106 என்று வந்திருக்கும்.

நடைமுறையில் இரண்டாவது குழாய் அதே அகழியில் போவது குறைவு. கேபிள் இருக்கும், சாக்கடை இருக்கும், வெட்டக்கூடாத புதுச் சாலை இருக்கும். பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி 160 மீட்டருக்கு 100 மில்லிமீட்டர் குழாய் போட்டு, பழைய 75-ஐயும் அப்படியே விட்டுவைக்கிறோம் என்று கொள்வோம். நீளமும் வேறு, விட்டமும் வேறு. பழையது 100 மில்லிமீட்டர் கணக்கில் 421 மீட்டர், புதியது 160 மீட்டர். ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் எடுத்து, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். பழையதற்கு 0.0487, புதியதற்கு 0.0791. கூட்டினால் 0.1278. ஒன்றை இதனால் வகுத்து இருமடியாக்கினால் 61 மீட்டர். இரண்டு குழாய்களும் சேர்ந்து 61 மீட்டர் நீளமுள்ள ஒரு 100 குழாய்போல நடந்துகொள்கின்றன. அதை மற்ற இரண்டோடு தொடராகக் கூட்டினால் மொத்தம் 427 மீட்டர். தொட்டி 2 மணி 20 நிமிடத்தில் நிரம்பும்.

அந்த இரண்டு சிறு எண்களும் இன்னொன்றையும் சொல்கின்றன. தண்ணீர் 0.0487-க்கு 0.0791 என்ற விகிதத்தில் பிரிகிறது. வினாடிக்கு ஓடும் 11.9 லிட்டரில் சுமார் நாலரை லிட்டர் பழைய குழாயிலும் மீதி புதியதிலும் போகும். முன்பு 5.35 மீட்டர் ஹெட்டைத் தின்ற இடம் இப்போது 1.4 மீட்டரோடு அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் அங்கே பணம் போட்டுப் பயனில்லை. அடுத்த இடைஞ்சல் நடுவில் கிடக்கும் 300 மீட்டர்தான்.

இயற்பியல் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வார்கள். மின்தடைகளுக்குப் பக்க இணைப்புச் சூத்திரம் நினைவிருக்கும். அதையே 421-க்கும் 160-க்கும் போட்டால் 116 மீட்டர் வரும். சரியான விடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்தடையில் மின்னழுத்த இழப்பு மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். தண்ணீர்க் குழாயில் இழப்பு இருமடிக்கு விகிதம். தொடரிணைப்பில் இரண்டு துறைக்கும் கூட்டல் ஒன்றாகவே இருப்பதால், பக்க இணைப்பிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஏமாந்துவிடுகிறோம்.

இதுவரை எல்லாக் குழாயும் உள்ளே ஒரே வழவழப்பு என்று வைத்துக்கொண்டோம். பழைய வார்ப்பிரும்புக் குழாயும் புதிய பி.வி.சி.யும் ஒட்டி ஓடும் இடத்தில் அது நடக்காது. அப்போது ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அதன் உராய்வுக் கெழுவால் பெருக்கிக்கொள்ள வேண்டும். குடிநீர்த் திட்டங்களில் பெரும்பாலும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம்தான் புழக்கம். அதில் ஐந்தாம் மடிக்குப் பதில் 4.87-ஆம் மடி வரும்; நம்முடைய 421 மீட்டர் 406-ஆகும். பெரிய வேறுபாடில்லை. ஆனால் அதே சூத்திரத்தில் சுவரின் வழவழப்பைக் குறிக்கும் எண் 140-லிருந்து 100-க்கு இறங்கினால், அதே குழாயில் இழப்பு 1.86 மடங்காகிறது. துருவும் சுண்ணாம்புப் படிவும் ஏறிய குழாயை அளவு மாற்றாமல் வெறுமனே மாற்றினாலே தண்ணீர் கூடுவது இதனால்தான்.

இதைவிடச் சத்தமில்லாமல் கணக்கைக் கெடுப்பது குழாயின் மேல் அச்சிட்ட எண். இரும்புக் குழாயை உள்விட்டத்தை ஒட்டிய பெயரளவால் சொல்லிப் பழகியவர்கள் நாம். பி.வி.சி.யும் ஹெச்.டி.பி.இ.யும் வெளிவிட்டத்தால் விற்கப்படுபவை. 75 என்று அச்சிட்ட, பத்து கிலோ அழுத்தம் தாங்கும் பி.இ. 100 ரகக் குழாயின் சுவர் கனம் நாலரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 66 மில்லிமீட்டர்தான். ஒன்பது மில்லிமீட்டர் குறைவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஐந்தாம் மடியில் அது இழப்பை 1.9 மடங்காக்கிவிடும். நம் கணக்கின் 421 மீட்டர் 800 மீட்டர் அளவுக்குப் போய்விடும். திட்டத்தில் எழுதிய விட்டம் உள்ளா வெளியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

சமானக் குழாய்க்கு எல்லையும் உண்டு. ஒரு முனையில் நுழைந்த தண்ணீர் முழுவதும் மறுமுனையில் வந்தால்தான் அது சமானம். வழியெல்லாம் வீட்டு இணைப்பு இருந்தால் போகப்போக ஓட்டம் குறைகிறது, இழப்பும் குறைகிறது. ஒரே அளவுக் குழாயில், நீளம் முழுக்கச் சீராகத் தண்ணீர் எடுக்கப்பட்டுக் கடைசியில் எதுவும் மிஞ்சாமல் போனால், மொத்த இழப்பு முழுத் தண்ணீரும் கடைசிவரை போயிருந்தால் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல இணைந்த இடத்திலோ, எந்தக் குழாய் எதற்குத் தொடர், எது எதற்குப் பக்கம் என்று பிரிக்கவே முடியாது. அதற்கு ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-ல், ஊகித்துத் திருத்தி மறுபடி ஊகிக்கும் ஒரு முறையைக் கொடுத்தார். இன்று அந்த வேலையை ஈபாநெட் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. அங்கும் நீண்ட ஒட்டுக் குழாய்களை முதலில் சமானமாகச் சுருக்கி, வலையைச் சிறிதாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

சுருக்கும்போது ஒன்று தொலைகிறது: நேரம். சமானம் என்பது ஓட்டத்துக்கும் இழப்புக்கும் மட்டும்தான். குழாய்க்குள் நிற்கும் தண்ணீருக்கு அல்ல. பக்கக் குழாய் போடுவதற்கு முந்தைய நம் பாதையின் வயிற்றில் 11,600 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். காகிதத்தில் உள்ள 787 மீட்டர் குழாயில் வெறும் 6,200 லிட்டர். டேங்கில் இப்போது கலந்த குளோரின் தரைத்தொட்டிக்கு எப்போது வரும் என்று சமானக் குழாயைக் கேட்டால் 12 நிமிடத்துக்குள் என்று சொல்லும். உண்மையில் 22 நிமிடம் ஆகும். பெரிய குழாயில் தண்ணீர் மெதுவாக நகர்வதுதான் காரணம். குளோரின் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறவர், பழைய வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு துண்டின் கொள்ளளவையும் தனித்தனியாகத்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.